முதல் இக்ரா நெகட்டிவ், மான்டூ 16 மி.மீ., அடுத்த இக்ரா பாசிட்டிவ்: எதை நம்புவது?

கீர்த்தனா_திருச்சி

வணக்கம். தனியார் மருத்துவமனை ஒன்றில் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், வயது 27. வெளிநாட்டு வேலைக்காகக் காசநோய்ப் பரிசோதனை கேட்டார்கள். குவாண்டிஃபெரான் பிளஸ் என்ற இக்ரா ரத்தப் பரிசோதனை கொடுத்தேன். ரிப்போர்ட்: நில் 0.06, டிபி1 0.24, டிபி2 0.34, மைட்டோஜன் 9.1. நெகட்டிவ் என்று போட்டிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஏஜென்ட் "மான்டூவும் இருந்தால் நல்லது" என்றார். அடுத்த வாரமே கைத்தோலில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன், தடிப்பு 16 மி.மீ. வந்தது. உடனே "இக்ராவை மறுபடி எடுங்கள்" என்றார்கள். மான்டூ போட்டு ஒரு மாதம் கழித்து எடுத்தது: நில் 0.11, டிபி1 0.58, டிபி2 0.72, மைட்டோஜன் 10-க்கு மேல். இப்போது பாசிட்டிவ்.

இருமல், காய்ச்சல், எடைக்குறைவு எதுவும் இல்லை. மார்பு எக்ஸ்ரே நார்மல். பிறந்தவுடன் பிசிஜி போட்ட தழும்பு இருக்கிறது. என் கேள்வி: இந்த ஒரு மாதத்துக்குள் வார்டில் எனக்குத் தொற்றிவிட்டதா? அல்லது மூன்றில் ஏதோ ஒன்று தவறா?

லேப்_முருகேசன்

சிஸ்டர், மான்டூவைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். நம் ஊரில் எல்லோருக்கும் பிசிஜி போட்டிருக்கிறது, யாருக்குப் போட்டாலும் வீங்கும். பிசிஜிக்கு ஏமாறாத டெஸ்ட் இக்ரா ஒன்றுதான்.

இரண்டாவது இக்ராவில் லேப் பிழை இருக்கலாம். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். நாலு குழாய், ஒவ்வொன்றிலும் 1 மி.லி., கருப்புக் கோடு வரைக்கும் ரத்தம் ஏற வேண்டும். குழாயின் உள்சுவரில்தான் ஆன்டிஜன் பூசியிருக்கிறது, அதனால் பத்துத் தடவை மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். புதுப் பையன்கள் மிக்ஸியில் போட்ட மாதிரி ஆட்டுவார்கள், ஜெல் உடைந்து முடிவு தாறுமாறாகும். அப்புறம், ரத்தம் எடுத்த 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போக வேண்டும். கலெக்‌ஷன் சென்டரில் எடுத்து, பைக்கில் வந்து, மாலை வரை மேசையில் கிடந்தால் செல்கள் சோர்ந்துவிடும்.

வானதி_இம்யூனாலஜி

முருகேசன் சார் சொன்ன குழாய் விஷயங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அவை இங்கே பொருந்துகிறதா என்று எண்களே சொல்லும். ஜெல் உடைந்தால் பெரும்பாலும் ஆன்டிஜன் இல்லாத நில் குழாயே எகிறும். இரண்டாவது ரிப்போர்ட்டில் நில் 0.11தான். செல்கள் சோர்ந்திருந்தால், எல்லா டி செல்களையும் தூண்டிப் பார்க்கும் மைட்டோஜன் குழாய் இறங்கியிருக்கும். இரண்டிலும் நன்றாக இருக்கிறது. ஆக இரண்டு ரத்தமும் ஒழுங்காகக் கையாளப்பட்டதாகவே தெரிகிறது.

கணக்கைப் பார்ப்போம். குழாயில் செல்கள் விடும் இன்டர்ஃபெரான் காமாவின் அளவுதான் இந்த எண்கள். டிபி குழாயிலிருந்து நில்லைக் கழிக்க வேண்டும். முதல் தடவை 0.18, 0.28. இரண்டாவது தடவை 0.47, 0.61. கோடு 0.35-இல் இருக்கிறது. முதல் முடிவு கோட்டுக்குக் கீழே, ஆனால் பூஜ்யம் இல்லை. தொற்றே இல்லாத பலருக்கு இந்த இடத்தில் 0.01, 0.02 என்றுதான் வரும். 0.28 என்பது "ஒன்றும் இல்லை" என்ற பதில் அல்ல. கம்ப்யூட்டர் அதையும் நெகட்டிவ் என்றே அச்சடிக்கும், அவ்வளவுதான். ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் எடுத்தாலே இந்த அளவுக்கு ஏறி இறங்குவதால், 0.2 முதல் 0.7 வரை உள்ளதைச் சந்தேக மண்டலமாக வைக்கச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. உங்கள் இரண்டு முடிவும் அதற்குள்ளேயே விழுகின்றன.

பிசிஜி பற்றி ஒரு திருத்தம். பிறந்தவுடன் ஒரே தடவை போட்ட பிசிஜி, பத்து வருடத்துக்குப் பிறகு மான்டூவைக் கெடுப்பது அபூர்வம். 2006-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்றில், அப்படிப் பத்து ஆண்டு கழித்துச் சோதித்தவர்களில் பிசிஜியால் மட்டும் 10 மி.மீ. தாண்டியவர்கள் சுமார் 1 சதவீதம். பள்ளி வயதில் போட்டவர்களுக்கும், திரும்பத் திரும்பப் போட்டவர்களுக்கும்தான் தடிப்பு நீடிக்கும். 27 வயதில் 16 மி.மீ. வந்தால் பழியைப் பிசிஜி மேல் போட முடியாது.

செல்லப்பா_செங்கல்பட்டு

அம்மா, நான் காசநோய்ப் பிரிவில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன். ரத்தக் கணக்கு எனக்குத் தெரியாது. 16 என்று சொல்வதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும். எத்தனை யூனிட் போட்டார்கள்? யார் படித்தது, எத்தனை மணி நேரத்தில்? சிவப்பை அளந்தார்களா, தடிப்பை அளந்தார்களா?

0.1 மி.லி. மருந்து தோலின் மேலடுக்குக்குள் போய், உடனே 6 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு வெளிறிய குமிழ் எழும்ப வேண்டும். குமிழ் வராவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும். 48 மணியிலிருந்து 72 மணிக்குள் படிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தால்தான் தடிப்பின் ஓரம் தெரியும். பால்பாயிண்ட் பேனாவைத் தூரத்திலிருந்து மெதுவாகத் தடிப்பை நோக்கி இழுத்தால் ஓரத்தில் முட்டி நிற்கும். இரண்டு பக்கமும் அப்படிக் கோடிட்டு, கைக்குக் குறுக்காக அளக்க வேண்டும், நீளவாக்கில் அல்ல. இதைச் செய்யாமல் ஸ்கேலை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்பவர்களின் ரெஜிஸ்டரைப் பார்த்தால் 10, 15, 20 என்றே நிறைந்திருக்கும். 11-உம் 13-உம் காணாமல் போயிருக்கும்.

கீர்த்தனா_திருச்சி

ஐயா, நன்றி. சீட்டைப் பார்த்தேன். "10 டி.யு." என்று எழுதியிருக்கிறது. இரண்டு நாள் முடிந்து படித்தார்கள். பேனா வைக்கவில்லை, ஆனால் கட்டியாகத் தடித்திருந்தது, எனக்கே கையில் தெரிந்தது.

செல்லப்பா_செங்கல்பட்டு

அங்கேதான் சிக்கல். 5, 10, 15 என்று நாம் சொல்லும் அளவுகள் எல்லாம் 5 யூனிட் பிபிடி-எஸ் என்ற மூல டியூபர்குலின் மருந்தை வைத்து வந்தவை. கோபன்ஹேகனில் உருவான ஆர்டி23 என்றால் அதற்குச் சமமானது 2 யூனிட். நம் சந்தையில் 5 யூனிட், 10 யூனிட் குப்பிகளும் கிடைக்கின்றன. தனியார் கிளினிக்கில் பலர் எது இருக்கிறதோ அதைப் போடுவார்கள். மருந்து கூடினால் தடிப்பும் பெருக்கும், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாவுக்குப் பழகிய உடம்புகூட எதிர்வினை காட்டும். உங்கள் 16, 2 யூனிட் போட்டிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்று யாராலும் திருப்பிக் கணக்கிட முடியாது.

செங்கல்பட்டு பிசிஜி ஆய்வு 1968-இல் தொடங்கியபோது இந்தப் பிரச்சினை பூதாகரமாகத் தெரிந்தது. அந்தப் பகுதி மக்களில் பெரும்பாலோருக்குச் சூழலில் உள்ள மைக்கோபாக்டீரியாவுக்கான உணர்திறன் ஏற்கெனவே இருந்தது. நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்று 1979-இல் முடிவு வந்தபோது, சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. தடிப்பு என்றால் காசநோய்க் கிருமிதான் என்று எங்கள் மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

சுந்தர்_கோவை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஒன்பது வயது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. மான்டூ 12. டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்கிறார். அதற்குப் பதில் இக்ரா கொடுத்து நெகட்டிவ் வந்தால் டிபி இல்லை என்று விட்டுவிடலாமா?

வானதி_இம்யூனாலஜி

வேண்டாம் சுந்தர். கீர்த்தனா கேட்பது நோயில்லாதவர் உடம்பில் உள்ள பழைய நினைவைப் பற்றி. உங்கள் கேள்வி நோய் இருக்கிறதா என்பது. இரண்டு டெஸ்டுமே அதற்குப் பதில் சொல்லாது. காசநோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நெகட்டிவ் வரும். கட்டியிலிருந்து எடுத்ததில் கிருமியைத் தேட வேண்டும், ஜீன்எக்ஸ்பர்ட் அதற்குத்தான். டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கீர்த்தனா, இப்போது உங்கள் விஷயம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: மூன்று டெஸ்டும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. நடுவில் போட்ட மான்டூவே மூன்றாவது டெஸ்டின் முடிவை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

மான்டூ செய்வது இது. ஊசியில் போன புரதங்களைத் தோலில் உள்ள செல்கள் பிடித்துக் காட்டுகின்றன. அந்தப் புரதத்தை முன்பே அறிந்த டி செல்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அங்கே வந்து சேர்கின்றன, இன்டர்ஃபெரான் காமாவையும் மற்றவற்றையும் விடுகின்றன, மேக்ரோஃபேஜ்களை அழைக்கின்றன, ரத்தக் குழாய் கசிந்து ஃபைப்ரின் படிகிறது. கைக்குத் தட்டுப்படும் தடிப்பு அதுதான். இந்த வேலை முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் நிணநீர்க் கணுவில் ஓய்வாக இருந்த மைய நினைவு செல்களுக்கும் விழித்துப் பெருக நேரம் கிடைக்கிறது. இது செல்களின் வேலை, ஆன்டிபாடியின் வேலை அல்ல. 1945-இலேயே மெரில் சேஸ் கினிப்பன்றிகளில் காட்டிவிட்டார்: உணர்திறன் உள்ள விலங்கின் செல்களை மாற்றினால் டியூபர்குலின் எதிர்வினையும் கூடவே போகும்.

குழாய் டெஸ்ட் வேறு மாதிரிக் கேட்கிறது. இன்று காலை உங்கள் கை நரம்பில் ஓடிய ஒரு மி.லி. ரத்தத்தில் இருக்கும் செல்கள் மட்டும்தான் சாட்சி. கணுவில் இருப்பவை வர முடியாது. 16 முதல் 24 மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் காமாவை விடும் அளவுக்குத் தயாராக இருப்பவை பெரும்பாலும் செயல் நினைவு செல்கள். கேட்கப்படும் புரதமும் குறைவு: இசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டுதான். பிசிஜியை உருவாக்கியபோது கால்மெத்தும் கெரானும் 1908-இலிருந்து 1921 வரை வளர்த்து வளர்த்து, ஆர்டி1 என்ற மரபணுத் துண்டு அதிலிருந்து தொலைந்துபோயிற்று. அந்த இரண்டு புரதமும் அந்தத் துண்டில்தான் இருந்தன. அதனால்தான் முருகேசன் சார் சொன்னபடி பிசிஜி இக்ராவை ஏமாற்றுவதில்லை.

ஆனால் மான்டூவில் போடும் பிபிடியில் நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்திருக்கின்றன. இந்த இரண்டும் அதில் உண்டு. உங்களுக்குப் பழைய, மங்கிய நினைவு இருந்திருந்தால், ஊசி அதைத் தட்டி எழுப்பிச் செல்களைப் பெருக்கி ரத்தத்தில் இறக்கிவிடும். ஒரு மாதம் கழித்து எடுத்த குழாய் அந்தப் புதுக் கூட்டத்தைத்தான் எண்ணியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இதைச் சோதித்தார்கள். மான்டூ போட்ட மூன்றாம் நாள் இக்ரா மாறவில்லை. ஏழாம் நாளிலிருந்து பலருக்கு ஏறியது, ஏற்கெனவே கொஞ்சம் எதிர்வினை இருந்தவர்களுக்கு அதிகமாக. நினைவே இல்லாதவருக்கு மான்டூவால் புதிதாக நினைவு உண்டாகாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லேப்_முருகேசன்

அப்போ மான்டூ படிக்கும் நாளிலேயே ரத்தம் எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லையா? எங்களிடம் வரும் பலர் மான்டூ போட்டு இரண்டு வாரம், மூன்று வாரம் கழித்துத்தான் வருகிறார்கள். படிவத்தில் அந்தத் தேதியைக் கேட்கும் பழக்கமே இல்லை.

வானதி_இம்யூனாலஜி

ஆமாம் சார். போடும் நாளிலோ படிக்கும் நாளிலோ எடுத்துவிட வேண்டும். உங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் பாதிக் குழப்பம் குறையும். இதே காரணத்தால்தான் மான்டூவை வருடாவருடம் போடும் இடங்களில் தொடக்கத்திலேயே ஒன்று முதல் மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை போடுவார்கள். முதல் ஊசியில் 4 மி.மீ. வந்தவருக்கு இரண்டாவதில் 13 வந்தால் அது பழைய நினைவு. இப்படிச் செய்யாமல் விட்டால், அடுத்த வருடம் அதே 13 வரும்போது "வேலையில் தொற்றிவிட்டது" என்று பயந்துவிடுவோம்.

முகிலன்_ஆய்வு மாணவர்

வானதி மேடம், ஒரு எதிர்க்கேள்வி. "இக்ரா செயல் நினைவை மட்டும் காட்டும், மான்டூ மைய நினைவையும் காட்டும்" என்பது கேட்க அழகாக இருக்கிறது. செயல் நினைவு செல்கள் நிலைக்க ஆன்டிஜன் வேண்டும் என்றால், ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களுக்கு இக்ரா நெகட்டிவ் ஆக வேண்டுமே? பெரும்பாலோருக்கு ஆவதில்லை. தடுப்பு மாத்திரை முடித்தவர்களுக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. உகாண்டாவின் கம்பாலாவில் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தும் வருடக்கணக்கில் மான்டூ, இக்ரா இரண்டுமே நெகட்டிவாக இருந்தவர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு இசாட்-6, சிஎஃப்பி-10-க்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது, டி செல்களும் அந்தப் புரதங்களை அடையாளம் கண்டன. காமாவை மட்டும் விடவில்லை. ஆக நெகட்டிவ் என்றால் நினைவே இல்லை என்று சொல்ல முடியாது. நாம் காமா என்ற ஒரு கதவை மட்டும்தான் தட்டிப் பார்க்கிறோம்.

வானதி_இம்யூனாலஜி

இரண்டும் நல்ல கேள்விகள், முதலாவதுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் சொன்ன பிரிவு அவகாசத்தைப் பொறுத்தது. ஒரு நாளில் யார் பதில் சொல்கிறார்கள், மூன்று நாளில் யார் சொல்கிறார்கள் என்பதுதான் அளக்கப்படுகிறது. ஒரே நாளில் பதில் சொல்லும் கூட்டத்தில் மைய நினைவு செல்களும் கொஞ்சம் இருக்கலாம். சிலருக்குக் கிருமியின் மிச்சம் எங்காவது கிடக்கலாம். நம் போன்ற ஊரில் திரும்பத் திரும்ப வெளிப்பாடு கிடைப்பதும் காரணமாகலாம். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த இரண்டு டெஸ்டாலும் முடியாது.

பெஹர், எடல்ஸ்டைன், ராமகிருஷ்ணன் மூவரும் 2019-இல் எழுதியதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். பாசிட்டிவ் என்றாலே உயிருள்ள கிருமி உறங்குகிறது என்று எடுத்துக்கொள்வது தவறு என்பது அவர்கள் வாதம். உறுப்பு மாற்று, எச்.ஐ.வி. என்று எதிர்ப்பு சரிந்த பிறகும் பாசிட்டிவானவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் வருவதில்லை. கிருமி போயிருக்கலாம், நினைவு மட்டும் நின்றிருக்கலாம். நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

செல்லப்பா_செங்கல்பட்டு

அது சரி அம்மா, ஆனால் இந்தப் பெண் தினமும் மெடிக்கல் வார்டில் நிற்கிறாள். இருமும் நோயாளி முகத்துக்கு நேரே இருக்கிறார். "நினைவுதான்" என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. களத்தில் வீட்டுக்கு வீடு போனபோது, புதிதாகத் தொற்றியவர்களுக்கு முதல் இரண்டு வருடத்தில்தான் நோய் வருவதைப் பார்த்திருக்கிறோம். வாரம் ஒரு தடவை வீதம் பன்னிரண்டு வாரம் மாத்திரை என்பது இப்போது இருக்கிறதே, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

வானதி_இம்யூனாலஜி

ஐயா, நீங்கள் சொல்லும் வாய்ப்பை நான் மறுக்கவில்லை. புதுத் தொற்றா, தூண்டப்பட்ட பழைய நினைவா, சும்மா ஏற்ற இறக்கமா என்று இந்த எண்களால் பிரிக்க முடியாது. 0.28-இலிருந்து 4, 5 என்று தாவியிருந்தால் நானும் புதுத் தொற்று பக்கம் போயிருப்பேன். 0.61 எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கீர்த்தனா, மூன்றாவது இக்ரா எடுத்து நெகட்டிவ் வரும் வரை ஓடாதீர்கள். எது வந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு ரிப்போர்ட்டின் எண்களையும், மான்டூ போட்ட தேதியையும், 10 யூனிட் என்பதையும் ஒரே தாளில் எழுதி நெஞ்சக மருத்துவரிடம் கொடுங்கள். கடந்த இரண்டு வருடத்தில் சளியில் கிருமி உறுதியான நோயாளியை முகக்கவசம் இல்லாமல் கவனித்தீர்களா, ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா, சர்க்கரை உண்டா, இவைதான் தடுப்பு மாத்திரை முடிவை நகர்த்தும். கல்லீரல் பரிசோதனையும் அதற்கு முன் பார்ப்பார்கள்.

கீர்த்தனா_திருச்சி

ஸ்டீராய்டு இல்லை, சர்க்கரை இல்லை. போன வருடம் ஒரு நோயாளிக்குச் சளி பாசிட்டிவ் என்று தெரிவதற்கு முன்னால் நான்கு நாள் நான்தான் பார்த்தேன், சர்ஜிக்கல் மாஸ்க்தான் போட்டிருந்தேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன், தாளில் அதையும் எழுதுகிறேன்.

செல்லப்பா_செங்கல்பட்டு

பார்த்தீர்களா. டெஸ்டைவிட அந்த நான்கு நாள்தான் பெரிய செய்தி.

வானதி_இம்யூனாலஜி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. மாத்திரை வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நானும் தயங்க மாட்டேன். ஆனால் அந்த முடிவு வெளிப்பாட்டை வைத்து எடுக்கப்படும், இரண்டாவது இக்ராவை வைத்து அல்ல.

முகிலன்_ஆய்வு மாணவர்

இழை முடிவதற்குள் ஒன்று. சை-டிபி இப்போது இந்தியாவில் கிடைக்கிறது: மான்டூ மாதிரியே தோலில் 0.1 மி.லி., ஆனால் உள்ளே இசாட்-6, சிஎஃப்பி-10 மட்டும், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால் பாசிட்டிவ். இதுவரை மான்டூவும் இக்ராவும் முரண்பட்டால் புரதம் வேறு என்பதால் முரணா, தோல்-குழாய் வேறு என்பதால் முரணா என்று பிரிக்க வழியில்லை. இதில் புரதம் ஒன்றுதான், இடமும் அவகாசமும்தான் வேறு. சை-டிபி பாசிட்டிவ், இக்ரா நெகட்டிவ் என்று வருபவர்களைத் தொகுத்துப் பார்த்தால் மேடம் சொன்ன கணுவிலிருக்கும் நினைவு உண்மையா என்று தெரிய வாய்ப்பிருக்கிறது.

லேப்_முருகேசன்

தம்பி, அதே புரதத்தை ஊசியில் போட்டால் அதற்குப் பிறகு எடுக்கும் இக்ராவையும் அது ஏற்றிவிடாதா? ரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு ஊசி போட்டால்தான் உங்கள் ஒப்பீடு நிற்கும்.